ஒரு டம்ளர் காபி எவ்வளவுக்கு வருகிறது: மூன்று வாரம் எடை போட்ட கதை

சண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தது. மகள் காபி ஷாப் பில்லைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். வரியோடு 220 ரூபாய் 50 பைசா. "இந்தக் காசுக்கு வீட்டில் எத்தனை காபி போடலாம் தெரியுமா?" என்று கேட்டேன். "எத்தனை?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. போதாததற்கு, "அந்த ஃபில்டரை விட்டுட்டு இன்ஸ்டன்ட் வாங்கினா இன்னும் மிச்சம் ஆகும்பா" என்று ஒரு யோசனையும் சொன்னாள். அதற்கும் பதில் இல்லை. அன்று மாலையே சமையலறைத் தராசை மேடைமேல் நிரந்தரமாக வைத்தேன்.

வீட்டில் நான்கு பேர். காலையில் நாலு, மாலையில் நாலு, ஆக நாளுக்கு எட்டு காபி. முதலில் 'ஒரு காபி' என்றால் எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. எங்கள் டம்ளர் விளிம்பு வரை 180 மில்லி பிடிக்கும். ஆனால் யாரும் விளிம்பு வரை ஊற்றுவதில்லை. நாலு நாள் பார்த்ததில் சராசரியாக 140 மில்லி வந்தது. டிகாஷன் 35, பால் 105. அதையே எல்லாக் கணக்குக்கும் அளவாக வைத்துக்கொண்டேன். இதை முதலில் முடிவு செய்யாவிட்டால் பிறகு எதை எதோடு ஒப்பிட்டாலும் தப்பாகத்தான் வரும். தெருக்கடையின் சின்னக் கண்ணாடி டம்ளரும் ஒரு காபிதான், காபி ஷாப்பின் கிண்ணம் மாதிரி கோப்பையும் ஒரு காபிதான்.

பொடியைக் கரண்டிக் கணக்கில் எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். அம்மா "ஏழு கரண்டி" என்பார். மனைவியும் ஏழு கரண்டிதான் போடுவாள். எடை போட்டால் மனைவியின் ஏழு கரண்டி 52 கிராம், அம்மாவுடையது 63. குவித்து அள்ளும் கை வேறு, தட்டி அள்ளும் கை வேறு. அதனால் கரண்டியை விட்டுவிட்டு, வாரத் தொடக்கத்தில் பொடி டின்னை ஒருமுறையும் வாரக் கடைசியில் ஒருமுறையும் எடை போட்டேன். வித்தியாசம்தான் செலவு. விலை குறைந்த தராசு ஒரு கிராம் படிதான் காட்டும். அதிலும் பொடியை மெதுவாகத் தூவினால் ஏறும் எடையைக் கண்டுகொள்ளாமல் பூஜ்யத்திலேயே நிற்கும். டின்னோடு மொத்தமாகத் தூக்கி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

நாங்கள் வாங்குவது 80க்கு 20 சிக்கரி கலந்த பொடி, கிலோ 800 ரூபாய். கலவை விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். காபி 51 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது. விலையை ஒப்பிடும்போது அந்த வரியைப் பார்க்காமல் கிலோ விலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். சிக்கரி மலிவு. தண்ணீரில் காபியைவிட நிறையக் கரைந்து டிகாஷனுக்குக் கறுப்பையும் கனத்தையும் கொடுத்துவிடும். 60க்கு 40 பொடி மலிவாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். நான் விகிதத்தை மாற்றாமல் கடைசி வரை ஒரே பொடியில் நின்றேன்.

முதல் இரண்டு நாளும் ஒழுங்காகப் போயின. காலையில் 60 கிராம் பொடி, அதன் மேல் குடையை லேசாக அழுத்தி வைத்து, 320 மில்லி கொதிநீர். கீழே இறங்கியது 190 மில்லி. மீதி 130 மில்லி எங்கே போனது? பொடிக்குள்தான் இருக்கிறது. காபிப் பொடி தன் எடையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதனால் இரண்டாவது டிகாஷனுக்கு ஊற்றும் தண்ணீர் கிட்டத்தட்ட முழுசாக இறங்கிவிடும். 120 ஊற்றினால் 115 வந்தது. இரண்டும் சேர்த்து 305 மில்லி. எட்டு காபிக்கு வேண்டியது 280.

மூன்றாம் நாள் காலையில் 150 மில்லிதான் இறங்கியது. அதே பொடி, அதே தண்ணீர். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் குடைக்கு மேல் தண்ணீர் அப்படியே நிற்கிறது, ஆறியும் போய்விட்டது. மேல் பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நடுவில் ஓட்டைகள் தெரிந்தன, ஓரத்தில் ஒரு பிறைச் சந்திரன் அளவுக்கு அடைத்திருந்தது. அம்மா பேசாமல் வாங்கி, இடுக்கியில் பிடித்து அடுப்புத் தணலில் அடிப்பக்கத்தைக் காட்டினார். அடைத்திருந்த பொடி கருகி, கல்மேடையில் ரெண்டு தட்டு தட்டியதும் உதிர்ந்தது. மறுநாள் மறுபடியும் 190. அந்த ஒரு நாள் அடைப்பில் 40 மில்லி, அதாவது ஒரு முழுக் காபிக்கு மேல் போய்விட்டது. பொடி நைஸாக அரைபட்டிருந்தாலும் இதே அடையாளம்தான் தெரியும். ஆனால் அப்போது ஓட்டைகள் திறந்திருக்கும், பொடி சேறு மாதிரி இறுகியிருக்கும்.

அடுத்த சிக்கல் பாலில் வந்தது. லிட்டர் 60 ரூபாய் பால், நாளுக்கு ஒரு லிட்டர். காய்ச்சும்போது ஆவியாகவும் பாத்திரத்தில் ஒட்டும் ஆடையாகவும் ஒரு 40 மில்லி குறையும் என்பதை அளந்து வைத்திருந்தேன். ஆக 960 மில்லி மிஞ்ச வேண்டும். ஆனால் எட்டு காபிக்கு 840, தயிருக்கு உறை ஊற்றியது 240, மொத்தம் 1080 மில்லி! வாங்கியதைவிட அதிகமாகப் பால் குடித்திருக்கிறோம். ஒரு மணி நேரம் அளவுக் குவளையைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் அம்மாவைக் கேட்டேன்.

"பால் பொங்கறதுக்கு முன்னாடி அரை டம்ளருக்கு மேலே தண்ணி விடுவேனே. விடலேன்னா அடி பிடிக்கும்."

"எத்தனை வருஷமா?"

"நீ பிறக்கறதுக்கு முன்னாடியே இருந்து."

அந்தத் தண்ணீர் 120 மில்லி. கணக்கு நேராக நின்றது. வாங்கியதும் செலவானதும் இப்படி ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்க்காமல் விட்டிருந்தால், லிட்டர் விலையை நேரடியாகப் பெருக்கி ஒவ்வொரு காபிக்கும் 47 பைசா கூடுதலாக எழுதியிருப்பேன். உண்மையில் 60 ரூபாய்க்குக் கிடைப்பது 1080 மில்லி 'வீட்டுப் பால்'. அதில் 105 மில்லிக்கு 5 ரூபாய் 83 பைசா.

சர்க்கரை சீக்கிரம் முடிந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை கிடையாது, மகளுக்கு இரண்டு ஸ்பூன். சராசரியாக 7 கிராம், 32 பைசா. எரிவாயுவுக்குத்தான் அடித்துப் பேசினார்கள். ஃபில்டர் காபிக்குத் தண்ணீர் தனியாகக் கொதிக்க வேண்டும், பாலை ரெண்டு வேளையும் சுட வைக்க வேண்டும், சிலிண்டரே அதில்தான் தீருகிறது என்பது மனைவியின் வாதம். சிலிண்டரை எடை போட்டு இவ்வளவு சின்ன வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது என்பதால் கணக்காகவே போட்டேன். ஒரு காபிக்குச் சூடாக்குவது பாலும் தண்ணீருமாக 160 மில்லி, அதோடு மாலையில் பாலை மறுபடியும் சுட வைப்பது. பாதி வெப்பம் பாத்திரத்தில் சேராமல் வீணாகிறது என்று வைத்தாலும் ஒரு காபிக்கு மூன்று கிராம் வாயுகூட ஆகவில்லை. 14.2 கிலோ சிலிண்டர் 870 ரூபாய் என்றால் அது 17, 18 பைசா. 20 என்று எழுதி அந்த வாதத்தை மூடினேன். ஃபில்டரின் விலையையும் சேர்க்கச் சொன்னார்கள். 650 ரூபாய் ஃபில்டர் பத்து வருஷம் உழைத்தால் காபிக்கு 2 பைசா. எங்களுடையது அம்மாவின் கல்யாணச் சீர். அதற்கு என்ன விலை போடுவது? விட்டுவிட்டேன்.

வாரம் முடிந்தது. டின்னில் 420 கிராம் குறைந்திருந்தது. 336 ரூபாய். ஏழு நாளைக்கு எட்டு வீதம் 56 காபி. 336ஐ 56ஆல் வகுத்தால் 6 ரூபாய். அப்படித்தான் முதலில் எழுதினேன். பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். காபி குடிக்கும்போதெல்லாம் ஒவ்வொருவரும் ஒரு கோடு போட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கோடுகள் 51தான். மகள் ரெண்டு நாள் வெளியே குடித்துவிட்டு வந்தாள், எனக்கு ரெண்டு நாள் ஆபீசில் நேரமாகிவிட்டது, மனைவிக்கு ஒரு நாள் தலைவலி. அந்த ஐந்து காபிக்கான டிகாஷன் இறங்கித்தான் இருந்தது. மறுநாள் காலையில் சிங்க்கில் போனது. குடித்ததால் வகுக்க வேண்டுமே தவிர, போட்டதால் வகுக்கக் கூடாது. 336ஐ 51ஆல் வகுத்தால் பொடி 6 ரூபாய் 59 பைசா. பால், சர்க்கரை, வாயு எல்லாம் சேர்த்து 12 ரூபாய் 94 பைசா. பதின்மூன்று என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது வாரம் இன்ஸ்டன்ட். 70க்கு 30 சிக்கரி கலந்த தூள், 100 கிராம் 290 ரூபாய். கிராமுக்கு 2 ரூபாய் 90 பைசா. ஃபில்டர் பொடி கிராமுக்கு 80 பைசா. ஒரு கிராமை ஒரு கிராமோடு ஒப்பிட்டால் அநியாய விலை. ஆனால் அப்படி ஒப்பிடக் கூடாது. இன்ஸ்டன்டில் சக்கை கிடையாது. தண்ணீரில் கரைந்து வந்ததை மட்டும் காய வைத்துத் தருகிறார்கள். ஃபில்டரில் நாம் வாங்கும் பொடியின் பெரும்பகுதி செடித் தொட்டிக்குப் போகிறது. அதனால்தான் ஃபில்டருக்கு எட்டு கிராம் பிடிக்கிற இடத்தில் இதற்கு ரெண்டு, மூன்று கிராம் போதும்.

அந்த வாரம் 50 காபி. தூள் செலவு 135 கிராம். ஒரு காபிக்கு 2.7 கிராம், 7 ரூபாய் 83 பைசா. வீண் எதுவும் இல்லை, கேட்டவருக்குக் கேட்டபோது ஒரு காபி. (ஒரு நாள் யாரோ ஈர ஸ்பூனை உள்ளே விட்டதில் பாட்டிலின் ஓரத்தில் ஒரு கட்டி பிடித்தது. அதையும் சுரண்டிக் கரைத்துவிட்டோம்.) ஃபில்டர் பொடியைவிட ஒரு ரூபாய் கால்தான் அதிகம், அதுவும் கழுவும் வேலை இல்லாமல். மகள் ஜெயித்துவிடுவாள் போலிருந்தது.

ஆனால் பால் முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாளே தயிருக்கு மிஞ்சவில்லை. காரணம் கண் முன்னாலேயே இருந்தது. ஃபில்டர் காபியில் 35 மில்லி டிகாஷன் டம்ளரில் இடம் பிடிக்கிறது. அது பெரும்பாலும் தண்ணீர். இன்ஸ்டன்டில் அந்த இடம் காலி. எங்கள் வீட்டில் தூளைப் போட்டு நேராகப் பாலை ஊற்றி ஆற்றுகிறோம், அதனால் 140 மில்லியும் பால். 5 ரூபாய் 83 பைசாவாக இருந்த பால் 7 ரூபாய் 78 பைசா ஆகிவிட்டது. மொத்தம் 16 ரூபாய் 13 பைசா. ஃபில்டரைவிட மூன்று ரூபாய் கூடுதல். அந்தக் கூடுதலில் பெரிய பங்கு பாலினுடையது, தூளினுடையது அல்ல.

"அப்படீன்னா வெந்நீரும் கலந்து போடுங்க. ஃபில்டர்ல மட்டும் தண்ணி இல்லையா?" என்றாள் மகள். நியாயமான கேள்வி. அடுத்த ரெண்டு நாள் 100 மில்லி பாலும் 40 மில்லி வெந்நீரும். தூளை 2.7 கிராமிலேயே வைத்தால் 13 ரூபாய் 91 பைசா. தூளை 2 கிராமாகக் குறைத்தால் 11 ரூபாய் 88 பைசா, ஃபில்டரைவிட ஒரு ரூபாய் மலிவு. முதலாவதை எல்லோரும் குடித்தோம். இரண்டாவதை அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஜுரம் வந்தவாளுக்குக் குடுக்கலாம்" என்றார். இன்ஸ்டன்ட் மலிவா என்ற கேள்விக்கு விடை கடையில் இல்லை, கலக்குகிற கையில் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும், இது நாலு பேர் வீட்டுக் கணக்கு. தனியாக இருந்து நாளைக்கு ஒரே காபி குடிப்பவருக்கு இது திரும்பிவிடும். ஃபில்டரில் பொடி கொஞ்சமாக இருந்தால் மெல்லிய படலமாகத்தான் பரவும், தண்ணீர் சாரத்தை எடுக்காமல் சடசடவென்று இறங்கிவிடும். எங்கள் ஃபில்டரில் 20 கிராமுக்குக் கீழே போனால் டிகாஷன் வெறும் நிறத் தண்ணீர். 20 கிராம் 16 ரூபாய். அதில் ரெண்டு காபி வரும், ஒன்றைத்தான் குடிப்பார் என்றால் பொடி மட்டுமே 16 ரூபாய். அவர் இன்ஸ்டன்டே வாங்கலாம், அல்லது ஒரு ஆள் அளவுக் குட்டி ஃபில்டர் வாங்கலாம்.

மூன்றாவது வாரம் வெளிக்காபி. அளவை எப்படிப் பிடிப்பது? நுரையோடு இருக்கும் காபியைக் குவளையில் ஊற்றி அளந்தால் நுரையையும் காபி என்று எண்ணிவிடுவோம். அதனால் பார்சல் வாங்கி வந்து எடை போட்டேன், காலிக் கோப்பையின் எடையைக் கழித்துவிட்டேன். பால் கலந்த காபியில் ஒரு கிராமை ஒரு மில்லி என்று கொள்வதில் பெரிய தப்பில்லை. தெருமுனைக் கடைக் காபி 18 ரூபாய், 90 கிராம். சைவ ஹோட்டல் காபி வரியோடு 45 ரூபாய், 115 கிராம். மகளின் கப்புச்சினோ பார்வைக்குக் கால் லிட்டர், எடையில் 190 கிராம்தான். மீதி எல்லாம் நுரை.

எங்கள் 140 மில்லிக்கு மாற்றினால் கடைக் காபி 28 ரூபாய், ஹோட்டல் 55, காபி ஷாப் 162. தெருக்கடையைப் பார்த்துத்தான் எனக்கு அதிர்ச்சி. வீட்டுக் காபியைவிட ஐந்து ரூபாய்தானே கூடுதல் என்று தினமும் ஆபீஸ் வாசலில் குடித்துக்கொண்டிருந்தேன். அளவோடு பார்த்தால் ரெண்டு மடங்கு. ஆனாலும் வீட்டு பட்ஜெட்டுக்கு இந்த மாற்றிய எண் உதவாது. நான் கடையில் நின்று ஒன்றரைக் காபி குடிப்பதில்லை, ஒன்று குடித்துவிட்டுப் போகிறேன். ஆகவே பையிலிருந்து போவது 18தான். எது நியாய விலை என்று பார்க்க மில்லிக் கணக்கு, மாதச் செலவுக்குத் தடவைக் கணக்கு. ரெண்டையும் குழப்பக் கூடாது.

மகளோடு கடைசியாக ஒரு விவாதம் நடந்தது. "நான் வெளியே குடிச்சா வீட்ல ஒரு காபி மிச்சம்தானே? 220ல 13ஐக் கழிச்சுக்கோங்க" என்றாள். கழிக்க முடியாது. அவள் வராத மாலையில் அவளுடைய டிகாஷன் காலையிலேயே இறங்கிவிட்டது. மிஞ்சுவது பாலும் சர்க்கரையும் வாயுவும்தான், ஆறு ரூபாய் சொச்சம். பால் தயிராகிவிடும். பொடியின் காசு சிங்க்கில்.

மாதக் கணக்கில் இப்படி வந்தது: வீட்டில் ஏறக்குறைய 218 காபி, 2,834 ரூபாய். மகள் வாரத்துக்கு ரெண்டு வீதம் மாதம் 9 முறை காபி ஷாப், 1,985 ரூபாய். என் தெருக்கடை 22 நாள், 396 ரூபாய். தாளை மேஜையில் வைத்தேன். மகள் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. என் 396க்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டுப் போனாள்.

சிங்க்கில் போகும் டிகாஷன்தான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நாலாவது வாரம் காலையில் நாலு பேருக்கு ஒருமுறை, மாலையில் யார் யார் வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு இன்னொருமுறை என்று ஃபில்டரை ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன். 51 காபிக்கு 385 கிராம் பொடி போதுமாக இருந்தது. காபிக்கு 55 பைசா மிச்சம், மாதத்துக்கு 120 ரூபாய். வெற்றிக் களிப்போடு அம்மாவிடம் சொன்னேன்.

"ஒரு நாளைக்கு நாலு ரூபா. அதுக்கு ரெண்டு தடவை ஃபில்டர் கழுவணுமா? யாரு கழுவறது?"

அந்த வாரம் முழுக்க நான்தான் கழுவியிருந்தேன். ஐந்தாவது வாரத்திலிருந்து மறுபடியும் காலையில் ஒரே தடவை, 60 கிராம்.